சிங்களம் பேசுகிறவருக்குக் காலை மெசேஜும் இரவு மெசேஜும்: கொரியா நேரத்துக்கு எப்படி எழுதுவது

“அக்கா, நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். நான் கலியாணம் செய்யப்போகிறவர் குருநாகல் சிங்களவர். தென்கொரியாவில் ஒரு பேக்டரியில் வேலை, ஒரு கிழமை பகல் ஷிப்ட், அடுத்த கிழமை இரவு ஷிப்ட். இதுவரை ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் கலந்துதான் கதைக்கிறோம். தினமும் காலையிலும் இரவிலும் அவருடைய மொழியில் ஏதாவது அனுப்பவேண்டும் என்று ஆசை. ‘சுப உதேசனக்’, ‘சுப ராத்ரியக்’ என்று பூப்படத்தோடு அனுப்புகிறேன், அவர் ஒரு சிரிப்பு முகம் மட்டும் போடுகிறார். வேறு என்ன எழுதலாம், எப்படி எழுதலாம்?”

தங்கச்சி, நான் திருகோணமலையில் பெரியவர்களுக்குப் பேச்சுச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறவள், அதனால் உங்கள் கேள்வியை ஒரு மொழிக் கேள்வியாகவும் ஒரு மணிக்கூட்டுக் கேள்வியாகவும் சேர்த்தே பார்க்கிறேன். முதலில் அந்தச் சிரிப்பு முகத்துக்கு வருவோம். அவருக்கு உங்கள் மெசேஜ் பிடிக்காமல் இல்லை. நீங்கள் அனுப்புகிற வசனத்துக்குச் சிங்களத்தில் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சுப உதேசனக் என்பது ரேடியோவில், மேடையில், வாழ்த்து அட்டையில் வருகிற சொல். பூப்படத்தில் அச்சடித்து வருவது இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஒபட்ட சுப உதேசனக் வேவா’ என்று இருக்கும், அது தமிழில் ‘தங்களுக்கு இனிய காலைப்பொழுது அமைவதாக’ என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். உங்கள் வீட்டில் யாராவது எழும்பி வந்து குசினிக்குள் நிற்கிற அம்மாவுக்குக் ‘காலை வணக்கம்’ சொல்கிறார்களா? எழும்பிட்டியா, தேத்தண்ணி குடிச்சியா என்றுதானே கேட்பார்கள். சிங்கள வீட்டிலும் அச்சொட்டாக அப்படித்தான். வாழ்த்துச் சொல்ல விரும்புகிற இளம் ஆட்கள் ஆங்கிலத்தில் குட் மோர்னிங் என்று சொல்லிவிட்டு உடனே கேள்விக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே வாழ்த்தை விட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள். காலைக்கு ‘நெகிட்டத?’ என்றால் எழும்பிட்டீங்களா. ‘தே பிவ்வத?’ என்றால் தேத்தண்ணி குடிச்சீங்களா. ‘கேவத?’ என்றால் சாப்பிட்டீங்களா. இரவுக்கு ‘வெட இவரத?’, வேலை முடிஞ்சுதா. ‘மஹன்சித?’, களைப்பா இருக்கா. ‘ஹொந்தட்ட நிதாகன்ன’, நல்லா நித்திரை கொள்ளுங்க. இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு சொல், அல்லது இரண்டு சொல். கடைசியில் வருகிற அந்த ‘த’ தமிழில் நாங்கள் ஒட்டுகிற ‘ஆ’ மாதிரியே வேலை செய்கிறது, அதை எந்தச் சொல்லின் பின்னால் போட்டாலும் கேள்வியாகிவிடும். கேள்வி போனால் பதில் வந்தே ஆகவேண்டும், அங்கேதான் கதை தொடங்கும்.

இதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது, உங்கள் விஷயத்துக்கு அதுதான் முக்கியம். சுப உதேசனக் என்பதற்குள் காலை இருக்கிறது, சுப ராத்ரியக் என்பதற்குள் இரவு இருக்கிறது. நெகிட்டத என்பதற்குள் பொழுதே இல்லை. பின்னேரம் 5 மணிக்கு எழும்புகிற ஆளுக்கும் அது பொருந்தும். நிதாகன்ன என்பது காலை 10 மணிக்குப் படுக்கப்போகிற ஆளுக்கும் பொருந்தும். இரவு ஷிப்ட் கிழமையில் நீங்கள் ‘சுப உதேசனக்’ என்று அனுப்பியது, பன்னிரண்டு மணித்தியாலம் மெஷின் முன்னால் நின்றுவிட்டுக் கண் சொக்கப் படுக்கப்போகிற மனிதனுக்கு. அவர் சிரிப்பு முகம் போடாமல் என்ன செய்வார்?

சரி, மணிக்கூட்டை எடுப்போம். கொரியா எங்களைவிட 3 மணி 30 நிமிடம் முன்னால் போகிறது. இரண்டு நாட்டிலும் கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை மாற்றுகிற வழக்கம் இல்லை, ஆகவே வருடம் முழுக்க இதே கணக்குத்தான். (இத்தாலியில் ஆட்களை வைத்திருப்பவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கணக்கை மாற்றவேண்டும், அங்கே எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி, அதுவும் அவர்கள் பின்னால்.)

உங்கள் அவர் பகல் ஷிப்டுக்குக் காலை 8 மணிக்கு உள்ளே போய் இரவு 8 மணிக்கு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம், இரவு ஷிப்ட் அதன் மறுபக்கம். உண்மையான நேரத்தை அவரிடம் கேட்டு இந்தக் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பகல் ஷிப்ட் கிழமையில் அவர் 6.30க்கு எழும்பும்போது இங்கே விடிய 3 மணி. நீங்கள் நல்ல நித்திரை. நீங்கள் 5.30க்கு எழும்பும்போது அங்கே 9 மணி, அவருடைய போன் லொக்கருக்குள் இருக்கும். அப்போது நெகிட்டத என்று கேட்பதில் பொருள் இல்லை, எழும்பி இரண்டரை மணித்தியாலம் ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு 12 மணிக்குப் போனை எடுத்துப் பார்ப்பார், அது இங்கே 8.30. இரவு 8 மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வர 8.30 ஆகும், இங்கே பின்னேரம் 5 மணி. அவர் 11 மணிக்குப் படுத்தால் இங்கே இரவு 7.30, நீங்கள் இடியப்பம் அவிக்கிற நேரம். நீங்கள் 10 மணிக்குப் படுக்கும்போது அங்கே 1.30.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று தெரியும். பகல் ஷிப்ட் கிழமையில் அவருக்குக் காலை மெசேஜ் நீங்கள் எழும்பி எழுதுகிறது இல்லை, படுக்கமுதல் எழுதுகிறது. இரவு 10 மணிக்கு நீங்கள் அனுப்புவதை அவர் கண்விழித்த உடனே பார்ப்பார். அப்படியென்றால் அதை அவர் விடிய வாசிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதவேண்டும். இதற்குச் சிங்களத்தில் அழகான ஒரு வழி இருக்கிறது:

ஒயா தென் நிதி எதி. நெகிட்டம மேக பலன்ன.

நீங்க இப்ப நித்திரையா இருப்பீங்க, எழும்பினதும் இதைப் பாருங்க. ‘நிதி எதி’ என்பதில் வருகிற எதி, எங்கள் ‘இருப்பீங்க’ மாதிரி ஊகத்தைக் காட்டுகிறது. இதற்குக் கீழே அன்றைக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் போடுங்கள். மார்கழி மழை என்றால் ‘மெஹெ வஹினவா. எஹெ சீதலத?’, இங்க மழை பெய்யுது, அங்க குளிரா? கொரியாவில் அந்த மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே போகும், ஆகவே அந்தக் கேள்விக்கு அவரிடம் சொல்ல நிறைய இருக்கும். அப்புறம் ‘கேமக் காலா யன்ன’, எதையாவது சாப்பிட்டுட்டுப் போங்க. இவ்வளவும் போதும். இந்த நாலு வரியில் ‘காலை’ என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனாலும் அவருக்கு அது முழுக் காலை மெசேஜ்.

அவருக்கு இரவு மெசேஜ் உங்கள் பின்னேரத்தில் தொடங்குகிறது. 5 மணிக்கு ‘வெட இவரத? மஹன்சித?’ என்று ஒன்று. பிறகு 7 மணிக்கும் 7.30க்கும் இடையில், அவர் படுக்கமுன்னர், ‘ஹொந்தட்ட நிதாகன்ன. ஹெட கதா கரமு.’ நல்லாப் படுங்க, நாளைக்குக் கதைப்பம். அந்த நேரம் சமையல் என்றால் குரல் மெசேஜ் அனுப்புங்கள், பின்னால் சட்டி சத்தம் கேட்டால் கேட்கட்டும், தூரத்தில் இருக்கிறவருக்கு அதுவும் வீட்டுச் செய்திதான்.

இரவு ஷிப்ட் கிழமையில் எல்லாம் தலைகீழ், ஆனால் உங்களுக்கு அந்தக் கிழமைதான் லேசு. அவர் காலை 8 மணிக்கு முடித்து 9 மணிக்கு அறைக்கு வரும்போது இங்கே 5.30. நீங்கள் கண்விழிக்கிற அதே நேரம். 10 மணிக்கு அவர் படுக்கப்போவார், இங்கே 6.30. அந்த ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனில் இருக்கலாம், ஆனால் உங்களுக்கு அது தொடக்கம், அவருக்கு முடிவு. அப்போது எழுதவேண்டியது:

மம தென் நெகிட்டா. ஒயா நாலா, மொனவஹரி காலா, நிதாகன்ன.

நான் இப்பதான் எழும்பினன், நீங்க குளிச்சு, எதையாவது சாப்பிட்டு, படுங்க. உப்புவெளியில் இருக்கிறீர்கள், கிழக்குக் கரை, சூரியன் கடலில் இருந்து எழும்புகிற நேரம் அது. பூப்படத்துக்குப் பதிலாக அன்றைய கடலை ஒரு படம் எடுத்து இந்த வரியோடு அனுப்புங்கள். அவர் பின்னேரம் 5 மணிக்கு எழும்பும்போது இங்கே 1.30. அப்போதுதான் ‘நெகிட்டத? தே பிவ்வத?’ வேலைக்குப் போக முதல், அங்கே 7 மணி, இங்கே 3.30க்கு, ‘பரிஸ்ஸமின்’ என்று ஒரு சொல். கவனமாப் போங்க என்று அர்த்தம். மெஷினில் நிற்கிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான வழியனுப்பு எனக்குத் தெரியாது.

மெசேஜை முன்கூட்டியே நேரம் குறித்து அனுப்பலாமா என்று என்னிடம் வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். டெலிகிராமில் அனுப்புகிற பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கிற வசதி வரும், விடிய 3 மணிக்குப் போகிற மாதிரி வைக்கலாம். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. 3 மணிக்கு மெசேஜ் வந்தால் நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்து உடனே கோல் எடுப்பார், அல்லது பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘நெகிட்டம மேக பலன்ன’ என்று எழுதி 10 மணிக்கே அனுப்பிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை, நீங்கள் எப்போது எழுதினீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

இனி மொழிக்குள் வருவோம். ஒரு தமிழ்ப்பிள்ளைக்குச் சிங்களத்தில் மெசேஜ் எழுதுவது ஆங்கிலத்தில் எழுதுவதைவிட லேசு, ஏனென்றால் சொற்கள் நிற்கிற வரிசை ஒன்றுதான். நாளைக்குக் கதைப்பம், ஹெட கதா கரமு. சாப்பிட்டுட்டுப் படுங்க, காலா நிதாகன்ன. எனக்கு உங்கட ஞாபகம் வந்தது, மட ஒயாவ மதக் வுணா. ஆங்கிலத்தில் நினைத்து அதைச் சிங்களத்துக்கு மாற்றப் போனால் வசனம் முறியும். திருகோணமலைப் பேச்சுத் தமிழில் நினைத்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் பெரும்பாலும் சரியாக வந்து நிற்கும். நீங்க இல்லாமப் பாழாக் கிடக்கு என்று மனதில் வந்தால், ‘ஒயா நெதுவ பாளுயி’ என்று எழுதுங்கள், அப்படியேதான் அவர்களும் சொல்வார்கள்.

அதைவிட நல்லது, பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது. மம நிதாகன்னவா, ஒயா நிதாகன்னவா, எயா நிதாகன்னவா, மூன்றுக்கும் ஒரே வினை. ஆண் எழுதினாலும் பெண் எழுதினாலும் ஒன்றுதான். இதன் பயன் என்னவென்றால், அவர் உங்களுக்கு எழுதுகிற வசனத்தை அப்படியே எடுத்து நீங்கள் அவருக்குத் திருப்பி எழுதலாம், எங்கள் ‘போறன், போறீங்க, போறார்’ போல வால் மாற்றத் தேவையில்லை. கவனிக்கவேண்டிய ஒன்று மட்டும் இருக்கிறது: ‘நிதாகன்னம்’ என்று முடிந்தால் அது ‘நான் படுக்கிறன், சரியா’ என்று பேசுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது. அதை அவரைப் படுக்கச் சொல்லப் பாவிக்கக்கூடாது. ஆகவே அவருடைய மெசேஜ்கள்தான் உங்கள் பாடப்புத்தகம். அவர் எழுதுகிற சொல்லை எடுங்கள், இணையத்தில் இருந்து எடுக்காதீர்கள். குருநாகல் பக்கத்து வீட்டுப் பேச்சு எப்படி இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தமிழ் ஆட்கள் தடுக்கி விழுகிற மூன்று இடங்களைச் சொல்கிறேன், மூன்றும் காலை இரவு மெசேஜில்தான் வரும்.

முதலாவது மரியாதை. நாங்கள் மாப்பிள்ளையை நீங்க என்று சொல்லிப் பழகியவர்கள், பன்மையில் மரியாதை இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சிங்களத்திலும் பன்மையைத் தேடி ‘ஒயாலா’ என்று எழுதிவிடுவோம். ஒயாலா என்றால் நீங்கள் எல்லாரும். ‘ஒயாலா நிதாகன்ன’ என்று இரவு அனுப்பினால் அறையில் இருக்கிற எல்லாப் பெடியன்களுக்கும் சேர்த்து நல்லிரவு சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒயா என்பதுதான் சரி, அதில் மரியாதைக் குறைவு இல்லை, கணவன் மனைவிக்கு நடுவில் இரண்டு பேரும் அதைத்தான் சொல்வார்கள். ‘ஒப’ என்பது எழுத்துமொழி, தூரமாகக் கேட்கும். உம்ப என்று மட்டும் உங்கள் பக்கத்தில் இருந்து எழுதவேண்டாம், அது கூட்டாளிப் பெடியன்கள் தங்களுக்குள் சொல்வது, சண்டையிலும் வரும். முடிந்தால் ஒயாவையும் விட்டுவிட்டு எழுதுங்கள். ‘நெகிட்டத’ என்றாலே யாரைக் கேட்கிறீர்கள் என்பது விளங்கும்.

அதோடு சேர்ந்தது முறைச்சொல். சிங்களப் பெண்பிள்ளைகள் பலர் காதலனையும் கணவனையும் ‘அய்யா’, கூப்பிடும்போது ‘அய்யே’ என்று சொல்வார்கள், அதன் அர்த்தம் அண்ணன். அவர்களும் பதிலுக்கு ‘நங்கி’ என்று சொல்லலாம், அது தங்கை. எங்கள் காதுக்கு இது ஒத்தே வராது, திருகோணமலையில் கட்டப்போகிறவனை அண்ணா என்று கூப்பிட்டால் அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் என்றாவது ‘குட் நைட் நங்கி’ என்று எழுதினால் அது அன்பின் சொல், உங்களைச் சகோதரியாக ஒதுக்கிவிட்டார் என்று இரவு முழுக்க அழவேண்டாம். நீங்கள் அய்யே என்று எழுதத்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் அவருடைய வீட்டுப் பெயரைக் கேட்டு அதைச் சொல்லுங்கள். பெட்டியோ, ரத்தரன், வஸ்துவே மாதிரிச் செல்லச் சொற்கள் நிறைய இருக்கின்றன, அவர் உங்களுக்கு ஒன்றைச் சொன்ன பிறகு அதையே திருப்பிச் சொல்வது நல்லது. யார் யாருக்கு எதைச் சொல்வார்கள் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

இரண்டாவது நித்திரை. இதை ஆறுதலாக வாசியுங்கள், ஏனென்றால் இதில் அர்த்தம் நேரே எதிராகத் திரும்பும். ஒரு நாள் இரவு அவர் பதில் போடாமல் விட்டுவிட்டு அடுத்த நாள் இப்படி எழுதுவார்:

ஈயே மட நிந்த கியா. சொரி.

ஈயே என்றால் நேற்று, மட என்றால் எனக்கு, நிந்த என்றால் நித்திரை, கியா என்றால் போனது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘நேற்று எனக்கு நித்திரை போச்சு’ என்று வரும், நாங்கள் உடனே ஐயோ பாவம், இரவு முழுக்க நித்திரை இல்லையாம் என்று பதறுவோம். அவர் சொன்னது அதற்கு மாறானது: நேற்று நித்திரையாகிப் போனன். சிங்களத்தில் நிந்த கியா என்றால் நித்திரை வந்துவிட்டது. நித்திரை வரவில்லை என்பதற்கு ‘மட நிந்த கியே நே’ என்று சொல்வார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, மாப்பிள்ளை இப்படி எழுதியதற்கு, ஏன் நித்திரை இல்லை, என்ன யோசனை, யாரோடு பிரச்சினை என்று பக்கம் பக்கமாகக் கேட்டு, அவர் எதற்கு இந்த விசாரணை என்று விளங்காமல் கோபப்பட்டு, இரண்டு நாள் கதையில்லாமல் போனது. இப்படி எழுதி வந்தால் சரியான பதில் ‘கமக் நே’, பரவாயில்லை. பிறகு ‘ஹொந்தட்ட நிதாகத்தத?’, நல்லா நித்திரை கொண்டீங்களா? நீங்கள் இரவில் பதில் போடாமல் படுத்துவிட்டாலும் அதே வசனம்தான், விடிய எழும்பி ‘மட நிந்த கியா’ என்று எழுதிவிடலாம்.

மூன்றாவது சத்தம், குரல் மெசேஜ் அனுப்பும்போது. தமிழ் எழுத்தில் நான் எழுதியதை அப்படியே வாசித்தால் எல்லாம் சரியாக வராது. நெகிட்டத, கேவத, வெட, நே இவற்றில் நான் எ, ஏ என்று போட்ட இடத்தில் சிங்களத்தில் இருப்பது வேறு சத்தம், பாங்க் என்ற சொல்லை ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர் சொல்லும்போது வாய் அகன்று போகுமே, அந்த இடம். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. அடுத்தது பலன்ன. அதன் முதல் எழுத்து பஸ் என்பதில் வருகிற ப. பழம் என்பதில் வருகிற ப போட்டுச் சொன்னால் ‘பாருங்க’ என்பது ‘பிளவுங்க’ என்று ஆகிவிடும், விறகு பிளக்கிற மாதிரி. மட என்பதில் ட அழுத்தி, பட்டம் என்பதில் வருவது மாதிரி, ஆனால் இழுக்காமல். ஹொந்த என்பதில் ந் என்பதைத் தொட்டும் தொடாமலும் விடவேண்டும், நாங்கள் அதை மோட்டார்சைக்கிள் பெயர் மாதிரி ஊன்றிச் சொல்லிவிடுவோம். இதையெல்லாம் எழுத்தில் படித்து வராது. இந்தச் சொற்களை எல்லாம் அவரிடம் ஒரு குரல் மெசேஜாகக் கேளுங்கள், அதைச் சேமித்து வைத்துக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எந்த எழுத்தில் அனுப்புவது என்றால், அவர் எதில் எழுதுகிறாரோ அதில். பெரும்பாலான இளம் சிங்கள ஆட்கள் ஆங்கில எழுத்தில்தான் சிங்களம் அடிக்கிறார்கள், அது வேகம், ஆனால் குறில் நெடில் தெரியாது, வாசிக்கிறபோது தடுமாறுவீர்கள். நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர் என்றால் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்கள எழுத்துப் படித்திருப்பீர்கள், மறந்திருந்தாலும் கொஞ்ச நாளில் திரும்பிவிடும். ஹெலகுரு விசைப்பலகையைப் போனில் போட்டால் ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்கச் சிங்கள எழுத்தாக மாறும். நாள் முழுக்க கொரிய மொழி கேட்டுக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு, கிழமையில் ஒரு நாளாவது சிங்கள எழுத்தில் நீங்கள் அடித்த வரி ஒன்று போகட்டும்.

பிழை திருத்துவதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வாருங்கள். ‘பிழை இருந்தால் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டால் சில பேர் ஒவ்வொரு இரவும் திருத்திக்கொண்டே இருப்பார்கள். நல்லா நித்திரை கொள்ளுங்க என்று அனுப்பியதற்கு எழுத்துப்பிழைத் திருத்தம் பதிலாக வந்தால் அடுத்த நாள் எழுத மனம் வராது. விளங்காவிட்டால் மட்டும் உடனே கேட்கட்டும், மற்றப் பிழைகளை ஞாயிற்றுக்கிழமை கோலில் சேர்த்துச் சொல்லட்டும்.

‘புது சரணயி’ பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள், பௌத்தர்கள் விடைபெறும்போது சொல்வது, புத்தரின் துணை என்று அர்த்தம். அவருடைய அம்மாவோடு போனில் கதைத்து முடிக்கும்போது அம்மா அதைச் சொல்லக்கூடும். நீங்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளை, அதைத் தினமும் இரவு மெசேஜில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை, பரிஸ்ஸமின் என்பது அந்த இடத்தை நன்றாக நிரப்பும். ஆனால் பௌர்ணமி நாளில் அம்மா அதைச் சொன்னால் திருப்பிச் சொல்லுங்கள், மூத்தவர்களுக்கு அது சந்தோசம். உங்கள் இருவருக்கும் நடுவில் எது என்பதை அவரோடு வெளிப்படையாகக் கதைத்து முடிவெடுங்கள்.

இவ்வளவு செய்தும் மெசேஜ் சலித்துப்போகிறதா என்பதை அவருடைய பதிலில் பார்க்கலாம். ஒரே கேள்வியை ஒரே சொல்லில் தினமும் கேட்டால் ‘கேவா’, சாப்பிட்டன், என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். அப்போது முந்தின நாள் அவர் சொன்னதில் இருந்து கேளுங்கள். நேற்று முதுகு வலி என்று சொன்னாரா, இன்றைக்கு ‘கொந்த தென் கொஹொமத?’, முதுகு இப்ப எப்படி? ஓ.டி. இருக்கிறது என்று சொன்னாரா, ‘அதத் ஓ.டி.த?’, இண்டைக்கும் ஓ.டி.யா? பதில் வராத நாளுக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. என்றால் அவர் சும்மா ‘ஓ.டி.’ என்று இரண்டு எழுத்து அடித்துவிட்டுப் போகட்டும், நீங்கள் அன்றைக்கு நல்லிரவுக்காகக் காத்திருக்காமல் உங்கள் ‘நெகிட்டம மேக பலன்ன’ மெசேஜைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முதலில் செய்யவேண்டியது, சனிக்கிழமைதோறும் ஒரு கேள்வி. ‘லபன சதியே தவல்த, ரேத?’ வாற கிழமை பகலா, இரவா? ஷிப்ட் மாறுகிற அந்த ஞாயிறும் திங்களும்தான் மெசேஜ்கள் நேரம் மாறிப் போய் அவரை நித்திரையில் எழுப்பும். பதில் வந்ததும் மேலே சொன்ன இரண்டு கணக்கில் எது என்று பார்த்து அந்தக் கிழமைக்கு எழுதுங்கள்.